எல்ஓஆர் என்னும் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகிறீர்களா? பேராசிரியரிடமும் பழைய மேனேஜரிடமும் கேட்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

அமெரிக்காவுல எம்.எஸ். அப்ளை பண்றேன், மூணு எல்ஓஆர் வேணும். எச்ஓடி கையெழுத்து இருந்தாத்தான் வெயிட்னு சொல்றாங்க. ஆனா என்னை நல்லா தெரிஞ்சது ப்ராஜெக்ட் கைடு மேடத்துக்குத்தான். யாரைக் கேட்கிறது?

மேடத்தைக் கேளுங்கள். நான் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கடிதங்களை எழுதித் தருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பதவி கடிதத்தைத் தூக்கி நிறுத்தாது. கடிதத்தைப் படிக்கப்போகிறவர் உங்கள் எச்ஓடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவருக்குத் தெரிய வேண்டியது, இதை எழுதியவர் இந்த மாணவர் வேலை செய்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்பதுதான். உங்களுக்கு ஒரு பாடம்கூட எடுக்காத எச்ஓடியால் "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் இணக்கமாகப் பழகுவார்" என்பதற்கு மேல் எழுத முடியாது. அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பதால் படிப்பவரிடம் எதையும் நகர்த்தாது.

மூன்று பேரும் உங்களை மூன்று வேறு இடங்களில் பார்த்தவர்களாக இருந்தால் நல்லது. ப்ராஜெக்ட் கைடு ஒருவர், நீங்கள் நன்றாகச் செய்த ஒரு கனமான பாடத்தை எடுத்தவர் ஒருவர், வேலைக்குப் போயிருந்தால் உங்கள் மேனேஜர் ஒருவர். ஆராய்ச்சி சார்ந்த படிப்பு என்றால் பேராசிரியர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். எச்ஓடியே உங்கள் கைடாகவும் இருந்திருந்தால் தாராளமாக அவரையே கேளுங்கள்.

டெட்லைன் டிசம்பர் 15. எப்போ கேட்கணும்?

அக்டோபர் முதல் வாரத்தில். பொதுவாக ஒரு மாதம் முன்னால் கேட்டால் போதும் என்பார்கள், ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் அந்த ஒரு மாதக் கணக்கு சரிவராது. நவம்பர், டிசம்பரில்தான் செமஸ்டர் தேர்வு நடக்கிறது. அதற்கு முன்னால் இன்டர்னல் மதிப்பெண் ஏற்றுவது, லேப் தேர்வு நடத்துவது, அது முடிந்த கையோடு விடைத்தாள் திருத்த வேறு மையத்துக்குப் போவது என்று ஆசிரியர்களுக்கு அந்தப் பருவம் முழுக்க நெரிசல். அதே வாரங்களில்தான் உங்கள் பேட்ச்மேட்கள் பலரும் அதே மேடத்தைக் கேட்பார்கள். அக்டோபரில் கேட்டவருக்கு யோசித்து எழுதிய கடிதம் கிடைக்கும், டிசம்பரில் கேட்டவருக்குப் பெயர் மாற்றிய பழைய கடிதம்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

தேதி சொல்லும்போது உண்மையான கடைசித் தேதியையும் நீங்கள் எதிர்பார்க்கும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள். "டெட்லைன் டிசம்பர் 15, உங்களால் 8-ஆம் தேதிக்குள் ஏற்ற முடிந்தால் எனக்கு நிம்மதி" என்று சொன்னால் அவருக்கும் தன் வேலையைத் திட்டமிட முடியும். சிலர் பாதுகாப்புக்காகப் பொய்யாக ஒரு முந்தைய தேதி சொல்வார்கள், அது வேண்டாம். ஃபார்மிலேயே உண்மைத் தேதி இருக்கும், பார்த்ததும் அடுத்த முறை நீங்கள் சொல்லும் தேதியை அவர் நம்ப மாட்டார்.

இன்னொன்று, அந்த டிசம்பர் 15 யாருடைய நேரம் என்று பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 11.59 என்றால் டிசம்பரில் நமக்கு அது 16-ஆம் தேதி காலை 10.29. மேற்குக் கரை என்றால் பிற்பகல் 1.29. இது கடைசி நேரத்தில் உங்களுக்கு உதவலாம், ஆனால் இதைக் கணக்கில் வைத்து மேடத்திடம் தேதி சொல்லாதீர்கள். கடிதத்துக்கு மட்டும் தனிக் கடைசித் தேதி வைக்கும் துறைகளும் உண்டு, அதையும் துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

முதல் மெயில்ல என்னென்ன எழுதணும்? ரெண்டு வரில கேட்டா மரியாதையா இருக்காதா?

"எனக்கு ஒரு எல்ஓஆர் வேண்டும் மேடம், ப்ளீஸ்" என்று இரண்டு வரியில் வரும் மெயில்தான் எங்களுக்கு அதிக வேலை வைக்கும். யார் இவர், எந்த பேட்ச், எதற்கு, எப்போதைக்கு என்று நாங்கள் திரும்ப எழுதிக் கேட்க வேண்டும், அந்த வேலை நாளைக்கு என்று தள்ளிப் போகும். அப்படியே மறந்தும் போகும்.

ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். நிஜத்தில் இதை ஆங்கிலத்தில் அனுப்புவீர்கள், விஷயம் இதுதான். கேட்பவர் இசிஇ முடித்து வேலையில் இருப்பவர், கேட்கப்படுபவர் அவருடைய ப்ராஜெக்ட் கைடு.

> பொருள்: எம்.எஸ். பரிந்துரைக் கடிதம் – இசிஇ 2019–23, தண்ணீர்த் தொட்டி ப்ராஜெக்ட் – டிசம்பர் 15 டெட்லைன்
>
> மதிப்பிற்குரிய மேடம், வணக்கம்.
>
> நான் 2019–23 பேட்ச், இசிஇ பி செக்‌ஷன். ஐந்தாம் செமஸ்டரில் மைக்ரோகன்ட்ரோலர் பாடம் உங்களிடம் படித்தேன். எட்டாம் செமஸ்டரில் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் எங்கள் ப்ராஜெக்டுக்கு நீங்கள் கைடாக இருந்தீர்கள். இப்போது சென்னையில் எம்பெடட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன்.
>
> அடுத்த ஃபால் சேர்க்கைக்கு எம்பெடட் சிஸ்டம்ஸ் தொடர்பான எம்.எஸ். படிப்புக்கு நான்கு பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கிறேன். என் ப்ராஜெக்ட் வேலையைப் பற்றி ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத உங்களால் முடியுமா? விவரமாக எழுதும் அளவுக்கு நினைவில்லை என்றாலும், இந்த மாதங்களில் நேரம் கிடைக்காது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள் மேடம், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.
>
> முதல் டெட்லைன் டிசம்பர் 15. மற்ற மூன்றும் ஜனவரி 5 முதல் 15 வரை. டிசம்பர் 8-க்குள் முதலாவதை ஏற்ற முடிந்தால் உதவியாக இருக்கும். நான்குக்கும் ஒரே கடிதம் போதும், ஆனால் நான்கு லிங்க் தனித்தனியாக வரும். எந்த மெயில் ஐடிக்கு வந்தால் உங்களுக்கு வசதி?
>
> ரெசூமே, மதிப்பெண் பட்டியல், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ப்ராஜெக்டில் நான் செய்தவற்றைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் இணைத்திருக்கிறேன். நேரில் வரச் சொன்னால் சனிக்கிழமை எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது "தயங்காமல் சொல்லுங்கள் மேடம்" என்று வரும் வாக்கியம். மறுப்பதற்கு ஒரு வழியை நீங்களே திறந்து வைக்கிறீர்கள். நம் ஊரில் ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லத் தயங்குவார்கள். "சரி பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாள் வரை எழுதாமல் இருந்துவிடுவார்கள், அல்லது ஒப்புக்கு நாலு வரி எழுதுவார்கள். அக்டோபரில் கிடைக்கும் ஒரு நேரான மறுப்பு உங்களுக்கு அதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் வேறு ஒருவரைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

பொருள் வரியில் பேட்ச், ப்ராஜெக்ட், தேதி மூன்றும் இருப்பதற்கும் காரணம் உண்டு. டிசம்பரில் அவர் இன்பாக்ஸில் தேடும்போது உங்கள் பெயர் நினைவுக்கு வராமல் போகலாம், "தொட்டி" என்று தேடினால் கிடைத்துவிடும்.

அந்த "ஒரு பக்கக் குறிப்பு"ல என்ன இருக்கணும்? என் ரெசூமேவே போதாதா?

ரெசூமேயில் இருப்பது "நீர்மட்டம் அளக்கும் கருவி வடிவமைத்தேன்" என்ற ஒரு வரி. அதை வைத்து யாராலும் கடிதம் எழுத முடியாது. குறிப்பில் இருக்க வேண்டியது நடந்தது, அதுவும் அவர் அருகில் இருந்து பார்த்தது.

அந்தத் தொட்டி ப்ராஜெக்டையே எடுத்துக்கொள்வோம். தொட்டியின் மூடிக்குக் கீழே அல்ட்ராசானிக் சென்சார் பொருத்தியிருந்தார்கள். பகலில் அளவு சரியாக வந்தது, விடியற்காலையில் மட்டும் தொட்டி நிரம்பி வழிவது போலக் காட்டியது. டீமில் மற்றவர்கள் கோடில்தான் தவறு என்று அதைப் பிடித்துக்கொண்டிருக்க, இந்த மாணவர் பதிவான அளவுகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தார். காலை நேரத்தில் மட்டும்தான் பிழை வருகிறது என்று கண்டுபிடித்து, விடியற்காலையில் மாடியேறிப் போய் மூடியைத் திறந்தால் சென்சார் முகப்பில் நீர்த்துளிகள் படிந்திருந்தன. அப்புறம் வாட்டர்ப்ரூஃப் வகை சென்சாருக்கு மாற்றி, ஒரு அளவுக்குப் பதிலாகப் பல அளவுகள் எடுத்து நடுமதிப்பை எடுக்கும்படி கோடைத் திருத்தினார். இரண்டாவது ரிவ்யூவில் மேடம் கேட்ட கேள்விக்கு அந்த மணிவாரி வரைபடத்தைத்தான் காட்டினார்.

இவ்வளவுதான் குறிப்பு. இதைப் படித்ததும் மேடத்துக்கு அந்த ரிவ்யூ நினைவுக்கு வந்துவிடும், "இவர் பிழையை யூகிப்பதில்லை, தேடிப் போய்ப் பார்ப்பவர்" என்று அவரே தன் வார்த்தையில் எழுதுவார். அந்தப் பாராட்டை நீங்கள் குறிப்பில் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் கொடுங்கள். டீமில் நாலு பேர் என்றால் உங்கள் பங்கு எது, மற்றவர் பங்கு எது என்று நேர்மையாகப் பிரித்து எழுதுங்கள், மற்ற மூவரும் அதே மேடத்திடம்தான் வரப்போகிறார்கள்.

குறிப்பின் கடைசியில் உங்கள் சிஜிபிஏ, தெரிந்தால் வகுப்பில் எத்தனையாவது இடம், இவரிடம் படித்த பாடத்தின் கிரேடு ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். பல ஃபார்ம்களில் "இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா" என்று ஒப்பிட்டுக் கேட்பார்கள். கையில் விவரம் இருந்தால் அவர் யோசித்து நிரப்புவார்.

மெயில் அனுப்பறதா, நேர்ல போறதா? வாட்ஸ்அப்ல கேட்கலாமா?

ஊரில் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், அன்று மாலையே விவரம் எல்லாம் வைத்து மெயில் அனுப்புங்கள். வெளியூர் என்றால் மெயில் அனுப்பிவிட்டு, "மேடம், மெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடலாம். வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்டால் இணைப்புகள் நாலு நாளில் மேலே போய்த் தொலைந்துவிடும்.

சார் "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தரேன்"னு சொல்லிட்டார். எழுதிட்டுப் போகலாமா?

இது பரவலாக நடக்கிறது, ஆனால் எழுதிக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கடிதம் எழுதியவருடையது என்ற நம்பிக்கையில்தான் அங்கே படிக்கிறார்கள். மூன்று கடிதங்களையும் ஒரே ஆள் எழுதினால் அது தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரே மாதிரி வாக்கிய அமைப்பும் ஒரே பாராட்டுச் சொற்களும் மூன்றிலும் வரும். தவிர, தன்னைப் பற்றித் தானே எழுதும்போது யாருக்கும் அந்த மணிவாரி வரைபடம் போன்ற விஷயம் எழுத வராது, "தலைமைப் பண்பு மிக்கவர்" என்றுதான் எழுத வரும்.

சார் அப்படிச் சொல்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று நேரமில்லை, இன்னொன்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதுவதற்குக் கூச்சம். முதலாவதற்கு அந்த ஒரு பக்கக் குறிப்பை நீட்டி, "சார், விவரம் எல்லாம் இதில் இருக்கிறது, நீங்கள் பார்த்ததை உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதினாலே போதும்" என்று சொல்லுங்கள். இரண்டாவதற்கும் பதில் இதுவேதான். எளிய ஆங்கிலத்தில், சிறு சிறு வாக்கியங்களில், நடந்த ஒரு சம்பவத்தை எழுதிய கடிதம் நன்றாகவே எடுபடும். இதற்குப் பிறகும் அவர் "நீயே எழுது" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைக் கேளுங்கள்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது, அதைவிட ஆபத்தானது. சார் பெயரில் ஒரு மெயில் ஐடியை மாணவரே தொடங்கி, லிங்கை அங்கே வரவழைத்துத் தானே ஏற்றுவது. அது மோசடி. சேர்க்கைக்குப் பிறகு தெரிய வந்தால்கூடச் சேர்க்கையை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

ஃபார்ம்ல "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா"ன்னு கேட்குது. என்ன போடறது?

விட்டுக்கொடுக்கிறேன் என்று போடுங்கள். அமெரிக்காவில் 1974-இல் வந்த ஃபெர்பா என்ற சட்டம், அங்கே சேர்ந்து படிக்கும் மாணவருக்குத் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை தருகிறது, அதற்குள் இந்தக் கடிதமும் வரும் என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறார்கள். உரிமையை வைத்துக்கொண்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படாது, ஆனால் மாணவர் பார்ப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தில் மனம் திறந்து எழுதியிருப்பாரா என்ற சந்தேகம் படிப்பவருக்கு வரும். நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்பது எழுதுபவருக்கும் தெரியும். லிங்க் போன பிறகு பல இடங்களில் இதை மாற்ற முடியாது, நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கம்பெனி மேனேஜரைக் கேட்டேன். "கம்பெனி பாலிசிப்படி லெட்டர்ஹெட்ல தர முடியாது, எச்ஆர்ட்ட கேளு"ன்னுட்டார். என்ன பண்றது?

எச்ஆர் தருவது எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள், என்ன பதவி என்பதை உறுதிப்படுத்தும் கடிதம் மட்டும்தான். அது பரிந்துரை ஆகாது. மேனேஜர் தன் சொந்தப் பொறுப்பில் எழுதலாமா என்று கேளுங்கள், பல நிறுவனங்களில் அதற்குத் தடை இருக்காது. லெட்டர்ஹெட் இல்லாமல் வெள்ளைத் தாளில், தன் பெயர், பதவி, தொடர்பு எண், "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இவர் என் டீமில் இருந்தார், நான் நேரடியாக இவர் வேலையைப் பார்த்தேன்" என்ற வரி ஆகியவற்றோடு எழுதினால் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். லெட்டர்ஹெட் கட்டாயம் என்று துறை சொல்லியிருந்தால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேறு ஒருவரைப் பாருங்கள். சொந்தப் பொறுப்பில் எழுதுவதையும் பாலிசி தடுக்கிறது என்று மேனேஜர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள், அவருடைய வேலை சம்பந்தப்பட்டது.

அவரே கம்பெனி மாறியிருந்தால் பிரச்சினை இல்லை. விண்ணப்பத்தில் அவருடைய இப்போதைய பதவியையும் நிறுவனத்தையும் போடுங்கள், உறவு என்ற இடத்தில் முன்னாள் மேனேஜர் என்று குறிப்பிடுங்கள். அவருக்கான குறிப்பில் கல்லூரிக் கதை வேண்டாம். நீங்கள் சிக்கலைக் கண்டுபிடித்துத் தீர்த்த ஒரு ரிலீஸ், புதிதாகக் கற்றுக்கொண்டு செய்த ஒரு வேலை, இரண்டு போதும். க்ளையன்ட் பெயரையும் உள்விவரங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

மேற்படிப்பு இல்லை, வேற வேலைக்கு ரெஃபரன்ஸ் கேட்கிறாங்க. பழைய மேனேஜர் நம்பரைக் கொடுத்துடலாமா?

அவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைத்து உங்களைப் பற்றிக் கேட்டால் அவர் மீட்டிங்கில் இருப்பார், பட்டும்படாமல் பதில் சொல்வார், கேட்பவருக்கு அது தயக்கமாகத் தெரியும். இங்கே கடிதம் எழுத வேண்டியதில்லை என்பதால் செய்தி சின்னதாகவே இருக்கலாம்:

> வணக்கம் சார், எப்படி இருக்கீங்க? நான் டெஸ்டிங் டீம்ல 2021 முதல் 2023 வரை உங்க கீழ வேலை பார்த்தேன். இப்போ ஒரு கம்பெனியில டெஸ்ட் லீட் பதவிக்குக் கடைசிச் சுற்று முடிஞ்சிருக்கு. ரெண்டு ரெஃபரன்ஸ் கேட்கிறாங்க, உங்க பேரைக் கொடுக்கலாமா? வர்ற திங்கள் முதல் புதனுக்குள்ள கூப்பிடுவாங்க, பத்து நிமிஷம் ஆகும்னு சொன்னாங்க. டீமை வழிநடத்தின அனுபவம் பத்திதான் அதிகமா கேட்பாங்க போல, ரிக்ரஷன் டெஸ்டிங்கை ஆட்டோமேஷனுக்கு மாத்தினப்போ நான் ரெண்டு ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எந்த நம்பர், எந்த நேரம் வசதின்னு சொல்லுங்க சார். இப்ப முடியாதுன்னாலும் பரவாயில்லை.

இப்போதைய கம்பெனி மேனேஜரை மட்டும் ஆஃபர் கைக்கு வரும் முன் கொடுக்காதீர்கள். "ஆஃபருக்குப் பிறகு தொடர்புகொள்ளலாம்" என்று எச்ஆரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மேடம் ஒத்துக்கிட்டாங்க, ஆனா டிசம்பர் 10 ஆகியும் கடிதம் ஏறலை. திரும்பத் திரும்பக் கேட்க சங்கடமா இருக்கு.

முதலில் லிங்க் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். இங்கேதான் பல கடிதங்கள் சிக்கிக்கொள்கின்றன. சில விண்ணப்பத் தளங்கள் மெயில் ஐடியைச் சேமித்ததுமே லிங்க் அனுப்பும், சில இடங்களில் நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் போகும். நீங்கள் 14-ஆம் தேதி சமர்ப்பிக்கலாம் என்று வைத்திருந்தால் மேடத்துக்கு லிங்க்கே வந்திருக்காது. மெயில் ஐடியில் ஒரு எழுத்து மாறியிருக்கலாம். கல்லூரி ஐடிக்கு வந்து, அவர் அந்த ஐடியைத் திறந்தே பல மாதம் ஆகியிருக்கலாம். பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் இருக்கும், ஏனென்றால் அது தானாகப் போகும் மெயில்.

தளத்தில் பரிந்துரையாளர் பக்கத்தில் நிலவரம் தெரியும், லிங்கை மறுபடி அனுப்பும் பட்டனும் இருக்கும். அதை அழுத்திவிட்டு ஃபோன் செய்யுங்கள், "மேடம், லிங்க் இப்போ திரும்ப அனுப்பியிருக்கேன், ஸ்பேம்ல ஒரு முறை பார்க்க முடியுமா, 15 கடைசித் தேதி" என்று சொன்னால் அது நச்சரிப்பாகத் தெரியாது. நியாயமான கணக்கு என்றால் கேட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மெயில், கேட்ட தேதியன்று ஒரு செய்தி, அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு ஃபோன். நினைவூட்டும் ஒவ்வொரு மெயிலையும் பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே அனுப்புங்கள், இணைப்புகளைத் தேடும் வேலை அவருக்கு மிச்சம்.

12-ஆம் தேதியும் ஏறவில்லை என்றால் மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். அக்டோபரிலேயே நான்காவதாக ஒருவரிடம் "தேவைப்பட்டால் உங்களைக் கேட்கலாமா" என்று சொல்லி வைத்திருந்தால் இது சுலபம். பல துறைகள் விண்ணப்பம் நேரத்துக்கு வந்துவிட்டால் கடிதம் சில நாள் தாமதமாக வருவதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கடிதம் ஏறிடுச்சு. மேடத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணுமா?

வேண்டாம். கடிதத்துக்குப் பதிலாகப் பொருள் வாங்கிக்கொண்டது போல ஆகிவிடும், எங்களுக்கும் தர்மசங்கடம். ஏறியது என்று தளத்தில் தெரிந்த அன்றே ஒரு நன்றி மெயில் அனுப்புங்கள், பாக்கி மூன்று லிங்க் எந்தெந்தத் தேதியில் வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பிறகு மார்ச், ஏப்ரலில் முடிவுகள் வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு வரி சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த மாணவர்களில் யார் எங்கே போனார்கள் என்பது பெரும்பாலும் எங்களுக்கு மற்றவர்கள் மூலம்தான் தெரிய வருகிறது.